வெள்ளி இரவு நிறுத்திய மாத்திரையும் ஞாயிறு மதிய நீட் தேர்வும்

நீட் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் சீட் கிடைக்கும் அளவுக்கு மார்க் வந்திருக்கிறது. எந்தப் புத்தகம், எந்த டெஸ்ட் சீரிஸ் என்றெல்லாம் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே நிறையப் பேர் சொல்வார்கள். போன வருடம் என்னைக் கவிழ்த்தது பாடம் இல்லை, காஃபீன். அதை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 18 வயது. ஒரு நாள் கணக்கு இப்படி இருந்தது:

காலை ஃபில்டர் காபி, சுமார் 90 மி.கி.
மாலை காபி, 90
இரவு 11 மணிக்கு காஃபீன் மாத்திரை, 200
சில நாள் மதியம் 250 மி.லி. எனர்ஜி டிரிங்க், 75

கூட்டினால் 455. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 வரை பரவாயில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் வரம்பு. நான் மாத்திரையை மட்டும் எண்ணினேன், ஒன்றுதானே என்று.

தேர்வுக்கு முன் நன்றாகத் தூங்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை இரவு போட்ட மாத்திரையோடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். சனிக்கிழமை காபிகூடக் குடிக்கவில்லை. அன்று மாலையே கண்ணுக்குப் பின்னால் கனம். ஞாயிறு காலை குனிந்து செருப்பு மாட்ட முடியாத அளவுக்குத் தலைவலி. 11 மணிக்குத் தலைவலி மாத்திரை போட்டேன். அதிலும் 50 மி.கி. காஃபீன் இருந்தது அட்டையைப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. பாலக்காட்டுக்குப் போகும் வழியில் 12.15க்கு அந்த 200 மாத்திரை, கேட்டுக்கு வெளியே 12.45க்கு ஒரு எனர்ஜி டிரிங்க்.

மொத்தம் 325. நாள் வரம்புக்குள்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே போயிருந்தது. ஒரே வேளையில் 200க்கு மேல் வேண்டாம் என்று தனியாக ஒரு வரம்பு இருக்கிறது, அதைத்தான் நான் தாண்டினேன். விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில், சிலருக்கு இன்னும் தாமதமாக, அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். 2 மணிக்கு வினாத்தாளைப் பிரித்தபோது மேஜை விளிம்பில் வைத்த மணிக்கட்டில் நாடி துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஓ.எம்.ஆர். வட்டத்துக்கு வெளியே பேனா போனது. பயாலஜியில் ஒரே கேள்வியை மூன்று முறை படித்தேன். நடுவில் பாத்ரூம், திரும்பி வந்தால் மறுபடி சோதனை, மறுபடி பயோமெட்ரிக்.

மருந்துக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் பிறகு விளக்கினார். "தூக்கம் வருதுன்னு மூளைக்குச் சொல்ற அடினோசினைத்தான் காஃபீன் தடுக்குது கண்ணு. தினமும் தடுத்தா மூளை அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும். திடீர்னு நிறுத்தினா தலைவலி வரத்தான் செய்யும்." நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று, இரண்டு நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரம்கூட நீளுமாம். வெள்ளி இரவு 11 முதல் ஞாயிறு 2 மணி வரை 39 மணி நேரம். உச்சத்தை நானே தேர்வு நேரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே குறைக்கத் தொடங்கினேன். முதல் வாரம் மாத்திரையில் பாதி, அடுத்த வாரம் கால், மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை. (மெதுவாகக் கரையும் வகை என்று அட்டையில் போட்டிருந்தால் உடைக்கக் கூடாது.) இரண்டு காபி மட்டும் அப்படியே இருந்தது. தேர்வன்று அதையும் விடவில்லை. காலை 7 மணிக்கு ஒன்று, மாலைக் காபியை 12 மணிக்கு மாற்றி ஃபிளாஸ்கிலிருந்து ஒன்று. அந்த நேரத்தை முந்தைய மூன்று மாதிரித் தேர்விலும் பழகியிருந்தேன்.

இன்னும் சில:

இரவு 11 மணிக்குப் போட்ட 200இல் விடியற்காலை 4 மணிக்கும் ஏறத்தாழ 100 உடம்பில் இருக்கும். தூங்கினாலும் ஆழ்ந்த தூக்கம் குறையும். படித்தது அங்கேதான் வீணாகப் போகிறது.

போட்ட பத்து நிமிடத்தில் தெளிவு வரவில்லை என்று இன்னொன்று போடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் என் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

வயிற்றுப்போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டால் காஃபீன் உடம்பை விட்டுப் போக அதிக நேரம் ஆகும். கருத்தடை மாத்திரைக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் காபியையே குறைக்க வேண்டும்.

நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் பலருக்கு 17 வயதுதான் இருக்கும். உங்களுக்கு 400 பொருந்தாது, கிலோவுக்கு 3 மி.கி.தான் கணக்கு. என் சித்தி மகள் அடுத்த வருடம் எழுதுகிறாள், 48 கிலோ. அவளுக்கு நாள் முழுவதற்கும் 144. ஒரு மாத்திரையே அதைத் தாண்டிவிடும். மீதியிருந்த டப்பாவைக் கேட்டாள், கொடுக்கவில்லை.