Lü, Lv, Lyu: ஒரே ஆளைத் தேடி மூன்று நாள்

வரைபடத்தில் இரண்டு அளவுகளை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மூன்று நாள் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதைப் பெற வேண்டியவர் சீனாவில், ஷென்சென் அலுவலகத்தில் இருப்பவர். கூட்டத்தில் என் காதில் விழுந்த பெயர் "லூ மின்". மின் என்பது நான் இங்கே மாற்றி வைத்தது, குடும்பப்பெயர் நிஜம். முகவரிப் பட்டியலில் Lu என்று தட்டினேன், Min Lu என்று ஒருவர் வந்தார். "Dear Mr. Min" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் தேடுபவர் வேறு யாரோ."

தேடியவர் பட்டியலில் Min Lv என்று இருந்தார். அவர் குடும்பப்பெயர் 吕, கட்டத்தின் மேல் கட்டம் வைத்த எழுத்து. சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் அது Lü. உதட்டைக் குவித்துக்கொண்டு "லீ" என்று சொன்னால் வரும் ஒலி அது. விசைப்பலகையில் ü கிடையாது, பின்யினுக்கு v தேவையில்லை. அதனால் சீனர்கள் ü வேண்டிய இடத்தில் v தட்டுகிறார்கள், அதுவே மின்னஞ்சல் முகவரியிலும் ஏறிவிடுகிறது. கணக்குப் பிரிவுக்காரரின் குடும்பப்பெயர் 陆, புள்ளியில்லாத Lu. அது வேறு பெயர். அதே 吕 ஹாங்காங்கில் Lui ஆகிவிடும்.

பெயர் வரிசையிலும் தவறியிருந்தேன். எங்கள் பட்டியல் எல்லோரையும் மேற்கத்திய முறையில் திருப்பிப் போடுகிறது. அவருடைய கையொப்பத்தில் Lü Min என்று குடும்பப்பெயர்தான் முதலில். நான் சொந்தப்பெயருக்கு முன்னால் Mr. போட்டிருக்கிறேன், அவரோ பெண். மின் என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தெரியாதபோது "Dear Lü Min" என்று முழுப்பெயரையும் எழுதிவிடுங்கள், அங்கே அது மரியாதைக் குறைவில்லை. ஓரசைச் சொந்தப்பெயரை மட்டும் தனியாகச் சொல்வதுதான் ரொம்ப நெருங்கியவர்கள் கூப்பிடுவது போல ஆகிவிடும்.

அப்புறம் அவர் சென்னைக்கு வருவதாக முடிவானது. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் எங்கள் நிர்வாகப் பிரிவு Lv Min என்று அடித்து வைத்திருந்தது. இந்த முறை விடவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளையும் சீன எழுத்துகளையும் அனுப்பச் சொல்லி அவருக்கே எழுதினேன். வந்தது LYU MIN. 2012-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ü-வுக்குப் பதில் YU எழுத வேண்டும். அதற்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டுகளில் LV என்று இருந்ததும் உண்டு, எனவே யூகிக்காமல் கேட்டுவிடுவதே நல்லது. கடிதத்தைத் திருத்தினோம், விசா வந்துவிட்டது.

அந்தப் பதிலின் கடைசியில் அவரும் ஒன்று கேட்டிருந்தார்: "உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் S தான் குடும்பப்பெயரா?" இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்து, என்னை என் பெயராலேயே கூப்பிடலாம் என்று எழுதினேன்.