கேஸ் புக்கும் குக்கர் வெயிட்டும்

மார்ச் 4

பிரிந்து வந்து நான்கு மாதம் கழித்து அவனிடமிருந்து மெசேஜ். "மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். கேஸ் உன் பேர்ல இருக்கு. ஜாயின்ட் அக்கவுண்டையும் முடிச்சிடலாம். குக்கர் வேணுமா? நல்லா இருக்கியா?"

பதினொரு மணி வரை அந்தக் கடைசி இரண்டு வார்த்தையையே படித்துக்கொண்டிருந்தேன். கேள்விக்குறி வைத்திருக்கிறான், வழக்கமாக வைக்க மாட்டான் என்றெல்லாம் ஆராய்ச்சி.

மார்ச் 5

இதையே ஹவுஸ் ஓனர் அனுப்பியிருந்தால் எதற்கெல்லாம் பதில் சொல்வேன்? கேஸ், அக்கவுண்ட், குக்கர். நலம் விசாரித்தால் அவருக்கும் "ம், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வேன். அவ்வளவையும் அனுப்பினேன். "பால்கனி செடி இருக்கா?" என்று சேர்த்திருந்ததை அழித்துவிட்டேன். அந்தச் செடியை நான் எடுத்துவரப் போவதில்லை.

மார்ச் 8

"சிலிண்டரை அடுத்து குடிவர்றவங்களுக்கே விட்டுடவா?" என்று கேட்டான். என்னைப் பார்ப்பதைத் தவிர்க்கிறானோ என்று மனசு ஓடியது. அது எப்படியோ போகட்டும், விட முடியாது. கனெக்‌ஷன் என் பெயரில் இருக்கும்வரை அந்தச் சிலிண்டருக்கு நான்தான் பொறுப்பு. ஏஜென்சியில் விசாரித்தேன். சிலிண்டர், ரெகுலேட்டர், வவுச்சர், கேஸ் புக் நான்கையும் ஒப்படைக்க வேண்டும். வவுச்சரில் எழுதியிருக்கும் பழைய டெபாசிட்தான் திரும்ப வருமாம், இன்றைய ரேட் கிடையாது.

மார்ச் 15

அக்கவுண்டில் 11,460 ரூபாய். யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஆனால் மூடுவதற்கு இருவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள் பேங்கில். "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ" என்று எழுதியிருக்கிறான். மூன்று முறை படித்தேன். இது கணக்கு இல்லை, மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று. அதைப் பணமாக வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அதற்காகச் சரிபாதியும் இல்லை. நான் வந்த பிறகும் அந்த வீட்டு இன்டர்நெட் பில் மாதம் 707 ரூபாய், ஆட்டோபேயில் இதிலிருந்தே போயிருக்கிறது. நான்கு மாதத்துக்கு 2,828. அதைச் சேர்த்தால் 14,288, பாதி 7,144. அது எனக்கு, மிச்சம் 4,316 அவனுக்கு. கோபத்தில் கேட்கிறேனா? கூட தங்கியிருந்த தோழியிடமும் இதைக் கேட்டிருப்பேன். சரி, கணக்கை அனுப்பினேன். மூடுவதற்கு முன் ஆட்டோபேயை ரத்து செய்யச் சொன்னேன், இல்லாவிட்டால் அடுத்த பில் பவுன்ஸ் ஆகும்.

ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. அதையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்வானேன்.

மார்ச் 29

பேங்க் வேலை நேற்றே முடிந்தது. இன்று ஏஜென்சி வாசலில் சிலிண்டரை இறக்கினான். ரெகுலேட்டரை என் பழைய துப்பட்டாவில் சுற்றியிருந்தான். வேறு துணி கிடைக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குக்கருக்கு வெயிட் இல்லை. "வெயிட் எங்கே?" என்று டைப் செய்து கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அப்புறம் தெருமுனைப் பாத்திரக் கடையில் வாங்கிக்கொண்டேன். துப்பட்டா துவைக்கப் போட்டிருக்கிறது.