நகைச்சீட்டு விளம்பரம் எழுதிய கதை

கல்முனையில் ஒரு நகைக்கடைக்குத் தங்கச் சேமிப்புத் திட்டத்துக்கு ஒலிபெருக்கி விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். ஓட்டோவில் ஊர் ஊராகப் போடுவது. முதலாளி தந்த துண்டில் "மாதம் 15,000 கட்டுங்கள், 12 மாதத்தில் தங்கம் உங்கள் கையில்" என்று இருந்தது. எத்தனை கிராம், எந்த நாள் விலைக்கு என்று ஒரு சொல்லும் இல்லை.

அதைத்தான் முதலில் கேட்டேன். "முதிர்வு நாள் விலைக்குத்தான் தம்பி, மாதாமாதம் தங்கம் வாங்கி வைக்க என்னட்டக் காசில்லை" என்றார். அது நியாயம்தான், ஆனால் கேட்கிறவர் அப்படியா விளங்கிக்கொள்வார்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கட்டத் தொடங்கும்போது 22 கரட் பவுன், அதாவது 8 கிராம், 240,000 என்று வையுங்கள். கிராம் 30,000, முதல் தவணைக்கு அரைக் கிராம் வரும். வருட முடிவில் பவுன் 300,000 ஆனால் கிராம் 37,500. கட்டிய 180,000க்கு அன்று 4.8 கிராம்தான், ஆறு கிராம் இல்லை. விலை இறங்கினால் கூடக் கிடைக்கும், அதையும் சொல்லலாம். ஆனால் கூடினால் குறையும் என்பதை மறைத்தால் கடைசி நாளில் கடை வாசலில் சண்டைதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, போடு என்றார்.

அடுத்தது செய்கூலி. "செய்கூலி இலவசம்" என்று எழுதியிருந்தார், சேதாரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. விசாரித்தால் சேதாரம் வழமைபோல வாங்குவாராம், கல் வைத்த நகைக்குச் செய்கூலிச் சலுகையும் இல்லையாம். சேதாரம் நூற்றுக்குப் பத்து என்றால் 4 கிராம் மோதிரத்துக்கு 4.4 கிராமுக்குக் காசு போகும். அப்போ இலவசம் என்ற சொல்லை மட்டும் சத்தமாகச் சொல்ல ஏலாது.

"வட்டிபோல லாபம்" என்ற வரியை நானே வெட்டினேன். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி மத்திய வங்கி அனுமதி இல்லாமல் வைப்புப் பணம் எடுக்க முடியாது. நகைக்கடை வட்டி பேசினால் வீண் வில்லங்கம்.

எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். சீட்டுக் கட்டி ஏமாந்த ஆட்களைப் பார்த்தவ. "இடையில ஏலாமப் போனா கட்டின காசு?" என்றுதான் கேட்டா. முதலாளியிடம் அதற்கு எழுத்தில் பதிலே இல்லை, பேசித் தீர்மானித்த பிறகுதான் வரி வந்தது. கடைசியில் ஓட்டோவில் போனது இது:

"மாதம் 15,000 ரூபாய், 12 மாதம். முடிகிற நாளில் அன்றைய 22 கரட் விலைக்கு நகை. தங்க விலை கூடினால் கிராம் குறையும், இறங்கினால் கூடும். கல் இல்லாத நகைக்குச் செய்கூலி இல்லை, சேதாரம் உண்டு. இடையில் நிறுத்தினால் கட்டிய பணம் முழுதும் 14 நாளில் திரும்பும், சலுகை கிடைக்காது. ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வட்டி இல்லை."

"வட்டி இல்லை" என்று எதற்கு நாமே சொல்ல வேண்டும் என்று முதலாளி கடைசிவரை முணுமுணுத்தார். விடவில்லை நான்.