வளவுத் தூண்கள்: ஏஐ படத்தைப் பார்த்து வரைந்த மூன்றாவது வாரம்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகள் நிறைய இருந்தாலும் பல பூட்டியே கிடக்கின்றன, திறந்திருக்கிற வீட்டிலும் முற்றத்தில் மூன்று மணி நேரம் பலகையோடு உட்கார விடுவது அபூர்வம். அதனால் ஏஐயில் ஒரு படம் உருவாக்கிக்கொண்டேன். வளவு என்கிற உள்முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம், நம்மைப் பார்த்தபடி ஒரு ஆச்சி அரிவாள்மனையில் காய் நறுக்குகிறார். அவ்வளவு அழகு. ஆனால் வரைய வரைய என் தூண்கள் மிதக்கிற மாதிரியே வந்தன, அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது.

வகுப்பில் சார் பார்த்துவிட்டு, "தம்பி, உன் படத்தை விடு, முதல்ல அந்தப் படத்துல ஸ்கேல் வச்சுப் பாரு" என்றார்.

ஏ4 பிரிண்டைப் பெரிய சார்ட் தாளில் ஒட்டி, தரைக் கற்களின் நீளவாட்டு இணைப்புக் கோடுகளைச் சிவப்புப் பென்சிலால் நீட்டினேன். எல்லாம் ஒரு புள்ளியில் சேர்ந்தன, அந்தப் புள்ளி இருக்கிற உயரம்தான் கண்மட்டம். தூண்களுக்கு மேலே ஓடும் உத்திரம் அந்தக் கோடுகளுக்கு இணையானது, அதுவும் அங்கேயே போய்ச் சேர வேண்டும். நீலத்தில் நீட்டினால் 4 செ.மீ. மேலே போய்ச் சேர்ந்தது. தரையை உட்கார்ந்தபடியும் உத்திரத்தை நின்றபடியும் பார்த்தது போல ஒரே படத்தில் இரண்டு கண்மட்டம், பிறகு தூண் எப்படி ஊன்றி நிற்கும்? ஒன்று கவனிக்க வேண்டும்: ஓட்டுச் சரிவில் இறங்கும் கைமரங்களை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அவை சாய்ந்தவை, கண்மட்டத்தில் சேர வேண்டியதில்லை. நான் அதையும் தப்பு என்று குறித்து, பிறகு அழித்தேன்.

தூண் இடைவெளிக்கு ஒரு எளிய வழி உண்டு. முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் நடுவழியாகக் கோடு இழுத்தால் அது மூன்றாவது தூணின் அடியில் விழ வேண்டும், இடைவெளி சமமாக இருந்தால். இந்தப் படத்தில் நான்காவது தூண் வரும்போது அது தவறியது.

ஆச்சியின் கையில் ஐந்து விரலும் இருந்ததால் முதலில் ஏமாந்துவிட்டேன். இடது கை, புறங்கை நம் பக்கம், விரல்கள் கீழே நோக்கி இருக்கின்றன, ஆனால் கட்டைவிரல் உடம்பை விட்டு வெளிப்பக்கம்! அது இடது தோளில் ஒட்டிய வலது கை. அரிவாள்மனைப் பலகையையும் எந்தக் காலும் அழுத்தவில்லை. அப்படி நறுக்கினால் பலகை தூக்கிவிடும்.

அப்பத்தாவை உட்கார வைத்துப் போனில் எடுத்தேன், மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து, ஏனென்றால் கிட்டப் போனால் முன்னால் இருக்கிற கை பெருத்துத் தெரியும். இப்போது உடம்புக்கு அந்தப் போட்டோ, தூண்களுக்கு என் சிவப்புக் கோடுகள். ஏஐ படத்திலிருந்து வெயிலும் நிழலும் கலக்கிற நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து தூண்கள் நின்றுவிட்டன, அடுத்த வாரம் தரைக் கற்கள்.