கொழுந்து லொறியா, வேனா: எதில் டீசல் மிச்சம்?

சாதாரண தரக் கணிதத்துக்குப் படிக்கிறவர்களுக்கு நேர்மாறு விகிதசமன் சொல்லிக் கொடுக்கும்போது நான் முதலில் எடுக்கும் கணக்கு இது. தோட்டத்துக் கொழுந்து லொறி லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிறது. அதைத் திருத்தினால் 5 ஓடும். ஒரு வேன் லீற்றருக்கு 10 ஓடுகிறது. அதை மாற்றி வேறு வேன் எடுத்தால் 15 ஓடும். இரண்டும் ஒரே தூரம் ஓடினால் எதில் டீசல் அதிகம் மிச்சமாகும்?

அநேகமாக எல்லாரும் வேன் என்றுதான் சொல்வார்கள். ஒன்றில் 1 கூடுகிறது, மற்றதில் 5 கூடுகிறது, அவ்வளவுதான் பார்ப்பார்கள். ஆனால் நாம் காசு கொடுப்பது லீற்றருக்கு. போக வேண்டிய தூரமோ மாறாது. அதனால் தூரத்தை 100 கிலோமீற்றர் என்று பிடித்துக்கொண்டு, அதற்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்று பார்க்க வேண்டும். 1 லீற்றரில் 4 கிலோமீற்றர் என்றால், 100 கிலோமீற்றருக்கு 100 ÷ 4 = 25 லீற்றர். திருத்திய பிறகு 100 ÷ 5 = 20. மிச்சம் 5 லீற்றர். வேனுக்கு 100 ÷ 10 = 10, அப்புறம் 100 ÷ 15 = 6.67. மிச்சம் 3.33 லீற்றர்தான். லொறிதான் முந்துகிறது.

திருப்பி மாற்றுவதற்கும் இதே வகுத்தல்தான்: 100 ÷ 6.67 செய்தால் 15 வந்துவிடும். அவசரத்தில் 15 ÷ 100 என்று தலைகீழாகப் போடுகிறவர்கள் உண்டு. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 10 மட்டும் இரண்டு அளவிலும் 10தான். ஒன்று 10க்கு மேலே இருந்தால் மற்றது கீழே இருக்க வேண்டும், இரண்டையும் பெருக்கினால் 100 வர வேண்டும். இன்னொன்று, 6.67ஐக் கழிப்பதற்கு முன்பே 7 ஆக்கிவிடாதீர்கள். மிச்சம் 3 ஆகக் குறைந்துவிடும்.

கேள்வியில் “ஒரே தூரம்” என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வேன் லொறியைப் போல் இரண்டு மடங்கு ஓடினால் அதன் மிச்சம் 6.67 லீற்றர், விடை மாறிவிடும்.

நம்முடைய ரோட்டுக்குப் பொருத்தமான கணக்கு சராசரிதான். ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது ஒரு வேன் லீற்றருக்கு 8, அதே வழியில் இறங்கும்போது 16 ஓடுகிறது என்று வையுங்கள். சராசரி 12 என்று எழுதினால் பிழை. 100 கிலோமீற்றருக்கு 12.5 லீற்றரும் 6.25 லீற்றரும் ஆகின்றன. தூரம் சமம் என்பதால் இவற்றைக் கூட்டி இரண்டால் வகுக்கலாம்: 9.375. மாற்றினால் லீற்றருக்கு 10.67தான். ஏற்றத்தில் டீசல் கூடுதலாகப் போவதால் சராசரி 8 பக்கம் சாய்கிறது. தூரத்துக்குப் பதிலாக இரண்டு பகுதியிலும் ஒரே அளவு டீசல் செலவானது என்று கேள்வி சொன்னால் மட்டும் 12 சரி.