பார்த்திபன் கனவைக் காதால் படிப்பவர்கள்

ஜூன் 18

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ எடுத்திருக்கிறேன். வகுப்பில் ஐந்து பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. கதையை ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டே புத்தகத்தைப் பார்க்க வைத்தால் உதவுமா என்று யோசிக்கிறேன். இன்று ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்தேன். ஒரு பத்தியை அவர்களே படித்தார்கள். அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நான் படித்துக் காட்டினேன். இரண்டுக்கும் நான்கு நான்கு கேள்விகள். கடைசி பெஞ்சுப் பையன், தானே படித்ததில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. காதால் கேட்டதில் நான்கும் சரி. இன்னும் மூன்று பேர் ஏறத்தாழ அப்படித்தான். இவர்களுக்குக் கதை புரிவதில் சிக்கல் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. ஐந்தாவது பிள்ளைக்குக் கேட்டாலும் புரியவில்லை. ஒலிப்பதிவு மட்டும் அவளுக்குப் போதாது. கப்பம், சபதம் போன்ற சொற்களை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பையனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கொண்டு’ என்ற சொல்லில் கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்று தொடங்கினான். பக்கத்தில் கால் இருப்பது தெரிந்ததும் திரும்பி வந்து ‘கொ’ என்றான். ஒரு வரியில் இப்படி மூன்று முறை திரும்பினால் வரியின் தொடக்கம் எப்படி நினைவில் நிற்கும்?

ஜூன் 21

கைப்பேசியில் நானே பதிவு செய்தேன். நாட்டுடைமையான நூல் என்பதால் தயங்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 90 சொல் அளவில், உரையாடலை உரையாடலாகவே படித்தேன். அதைவிட மெதுவாகப் படித்துப் பார்த்தேன்; வாக்கியம் துண்டு துண்டாகிப் பொருள் போய்விடுகிறது.

ஜூன் 24

முதல் அத்தியாயம் ‘தோணித்துறை’ முழுவதையும் ஒரே மூச்சில் ஓடவிட்டேன். தவறு. காவிரிக்கரை வருணனை முடிவதற்குள் ஐந்து பேரின் கண்களும் புத்தகத்தை விட்டுப் போய்விட்டன. சட்டென்று நிறுத்தி, “கடைசியாகக் கேட்ட சொல்லில் விரலை வை” என்றேன். ஒருவர் மட்டுமே சரியான பக்கத்தில் இருந்தார்.

கதை காதில் ஏறுகிறது, ஆனால் கண் எழுத்தோடு சேர்வதே இல்லை. இப்படியே போனால் கதை தெரியும், வாசிப்பு வளராது. இனி அத்தியாயத்தைத் துண்டு துண்டாக ஓடவிட வேண்டும்; ஒவ்வொரு துண்டிலும் இரண்டு இடத்தில் இந்த விரல் சோதனை. வரிக்கு அடியில் வைக்க ஆளுக்கொரு அட்டைப் பட்டையும் வெட்டிக் கொடுத்தேன். அட்டையை வகுப்பு முழுவதுக்கும் கொடுத்தேன். ஐந்து பேருக்கு மட்டும் கொடுத்தால் அவர்கள் தொடவே மாட்டார்கள்.

ஜூன் 27

துண்டு எங்கே முடிய வேண்டும் என்பதில் இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருந்தேன். முதலில் பக்கத்துக்கு ஒன்று என்று வெட்டினேன். படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் பேசும் பேச்சு பாதியில் அறுந்தது. அடுத்த நாள் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதையே மறந்து வந்தார்கள். இப்போது இடம் மாறினால், புது ஆள் வந்தால், ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அங்கே வெட்டுகிறேன். ஒரு துண்டு இரண்டு நிமிடம் வரும், இன்னொன்று ஐந்து நிமிடம் வரும். வரட்டும். துண்டின் முடிவில் ஒரே கேள்வி: “இப்போது யார் என்ன செய்யப்போகிறார்கள்?” பல்லவருக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று சோழ மன்னன் பார்த்திபன் முடிவெடுக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்கு ஐந்து பேருமே கை தூக்கினார்கள்.

ஜூலை 4

நான் வரைந்து கொடுத்த கதை வரைபடத்தைக் கைவிட்டேன். இடம், காலம், சிக்கல், முடிவு என்று பெட்டி பெட்டியாகப் போட்டிருந்தேன். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதி நிரப்பிவிட்டார்கள். தாளை மூடச் சொல்லிக் கேட்டால் பதில் இல்லை. அந்தப் பெட்டிகள் எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் இந்தக் கதைக்கு உதவவில்லை.

இந்த நாவலில் மனத்தில் வைத்திருக்கக் கடினமானது எது என்று யோசித்தேன். யாருக்கு என்ன தெரியும் என்பதுதான். போர்க்களத்தில் சாகக் கிடக்கும் பார்த்திபனிடம் ஒரு சிவனடியார் வருகிறார். தாம் யார் என்று மன்னனுக்குக் காட்டுகிறார், நமக்குக் காட்டவில்லை. எனவே புதிய தாள்: இடப்பக்கம் பார்த்திபன், அவன் மகன் விக்கிரமன், பொன்னன், கடைசியில் ‘நாம்’. மேலே ஒரே ஒரு செய்தி: ‘சிவனடியார் யார்?’ தெரிந்தால் திறந்த கண், தெரியாவிட்டால் மூடிய கண் வரைய வேண்டும். ஒரு சொல்கூட எழுத வேண்டாம்.

ஜூலை 9

போர்க்களத் துண்டைக் கேட்டார்கள். பார்த்திபனுக்கு எல்லோரும் திறந்த கண் போட்டார்கள். ‘நாம்’ என்ற இடத்தில் கடைசி பெஞ்சுப் பையன் பாதி திறந்த கண் வரைந்தான். ஏன் என்று கேட்டேன்.

“மிஸ், மன்னர் அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்படுறாரு. அப்ப ஏற்கெனவே தெரிஞ்ச ஆள்தானே? தெரியாத ஆள்னா எதுக்கு ஆச்சரியப்படணும்?”

அது எந்த வரி, காட்டு என்றேன். அட்டைப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினான், இரண்டு நிமிடம் ஆயிற்று. மற்றவர்கள் காத்திருந்தார்கள். கண்டுபிடித்து, அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

நாளைக்கு அடுத்த இரண்டு துண்டுகளைப் பதிவு செய்ய வேண்டும்.