ஒயர் கூடையும் 29.2-ம்: ஒரு வழியனுப்புக் கவிதை எழுதி முடிந்த விதம்

முதல் வரைவு 41 வரி வந்தது. அதில் 19 வரி பேச்சு. "போய்ச் சேந்ததும் போன் போடு", "வேளைக்குச் சாப்பிடு", "உடம்பப் பாத்துக்க தம்பி". திருச்சி விமான நிலைய வாசலில் எந்த ராத்திரி போய் நின்றாலும் காதில் விழுகிற வாக்கியங்கள்தான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கவிதைக்குள் வைத்ததும் செத்துப் போயின. இவை எந்த வீட்டு அம்மாவும் சொல்லக்கூடியவை. படிப்பவர் தன் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்புகிற இந்த ஒருவனின் வீடு அவர் கண்ணில் படவே படாது. அதனால் பேச்சை மொத்தமாக எடுத்துவிட்டு, பொருள்களை மட்டும் வைத்து எழுத வேண்டியிருந்தது.

எடுத்ததும் மிஞ்சியது 22 வரி. அது மளிகைச் சீட்டு போல இருந்தது. இட்லிப்பொடி, கூழ்வடகம், சீரகச் சம்பா, உப்பு நார்த்தங்காய், கைலி, தைலம், சாமி படம், மஞ்சள் நைலான் கயிறு. ஒவ்வொன்றும் உண்மையான பொருள், ஆனால் எதற்கும் கவிதையில் வேலை இல்லை. வடகத்தை எடுத்துவிட்டு அப்பளம் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பொருளை வைத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பொருள் இருந்தால் போதும், உணர்ச்சி தானாக வந்துவிடும் என்கிற நம்பிக்கை. அது வருவதில்லை.

இதற்கு வழி காவிரிக் கரையிலேயே இருந்தது. பட்டினப்பாலை 301 அடி. பொருள் தேடப் பிரிவதா வேண்டாமா என்பதுதான் விஷயம். ஆனால் பிரிவைப் பற்றி நேராகப் பேசுவது சில அடிகள் மட்டுமே. மற்றதில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினமும் அதன் தெருவில் இறங்கிக் கிடக்கும் சரக்கும்: கடல் வழி வந்த குதிரை, மிளகு மூடை, பொன், சந்தனம், முத்து, பவளம், ஈழத்து உணவு. 'உம்' போட்டு 'உம்' போட்டு அடுக்கிக்கொண்டே போகிற நீண்ட பட்டியல். அது ஏன் சலிக்கவில்லை என்றால், இவ்வளவும் கொண்ட பட்டினமே கிடைத்தாலும் அவளை விட்டு வரமாட்டேன் என்று தலைவன் நெஞ்சிடம் சொல்லிவிடுகிறான். சரக்கு முழுவதும் தராசின் ஒரு தட்டில் ஏறுகிறது, அவள் மறு தட்டில். பட்டியலுக்கு ஒரு தராசு இருந்தால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் கனம் வரும்.

விமான நிலையக் கவிதைக்கு அந்தத் தராசைத் தேடிப் போக வேண்டியதில்லை. டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். வளைகுடா போகும் டிக்கெட்டுகள் பலவற்றில் பெட்டிக்கு 30 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்று இருக்கும். கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று பணம். எனவே கவிதை வீட்டில் எடை போடுவதில் தொடங்குகிறது.

ஆள் ஏறி நிற்கும் முள் வைத்த எடை மெஷினில் பெட்டியை மட்டும் வைத்தால் பெட்டி முள்ளை மறைத்துவிடும். அதனால் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், முள் காட்டுவதைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பெட்டி இல்லாமல் ஏறுவார். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பெட்டியின் எடை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முள்ளை நின்றுகொண்டே பார்ப்பதால் ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோ முன்னே பின்னே ஆகலாம். இரண்டு தடவை பார்த்துக் கழிக்கிறோம் என்பதால், தவறு ஒரு கிலோ வரை போகலாம். மெஷினுக்கு அடியில் பாய் இருந்தால் இன்னும் மோசம். கவிதையின் முடிவு இந்தத் தவற்றிலிருந்துதான் கிடைத்தது.

யார் ஏறுவது என்பதில் ஒரு வாரம் போனது. முதலில் பையனையே ஏற்றினேன். 'கழித்ததில் அவன் இல்லை' என்று ஒரு வரியும் வந்தது. கைதட்டல் வாங்கும் வரி. மறுநாள் படித்தபோது அது பொருளின் வேலை இல்லை, மாறுவேடத்தில் திரும்பி வந்த பேச்சு என்று தெரிந்தது. அப்பாவை ஏற்றியதும் சரியானது. பெட்டியோடு 89, பெட்டி இல்லாமல் 57. அப்பாவின் 57 கிலோ எந்த விளக்கமும் கேட்காமல் கவிதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

32-ஐ 30 ஆக்க இரண்டு கிலோ வெளியே வர வேண்டும். இங்கே கணக்கு சரியாக இருந்தே ஆக வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்கள் படித்தால் முதலில் கூட்டித்தான் பார்ப்பார்கள். கைலி ஒன்று 300 கிராம், அரிசி ஒரு கிலோ, நார்த்தங்காய் டப்பாவோடு 700 கிராம். சரியாக இரண்டு கிலோ. கிராம் எதையும் கவிதையில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எழுதுகிறவர் கையில் அது இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் எதைப் போடலாம் என்பதிலும் தடுமாற்றம் இருந்தது. முதல் வரைவில் கசகசாப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஓசை நன்றாக இருக்கிறது என்று போட்டது. வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும், பிடிபட்டால் சிறை. அந்த வரியோடு கவிதை வெளிவந்திருந்தால் பையன் இறங்கிய இடத்திலேயே மாட்டியிருப்பான், அந்த ஊரில் இருக்கும் வாசகரும் அங்கேயே மூடி வைத்திருப்பார். கொப்பரையும் போனது. எண்ணெய் மிகுந்தது, தீப்பிடிக்கும் என்று பெட்டியில் விடமாட்டார்கள். தைலத்துக்கு வேறு சிக்கல். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவப் புட்டியும் போகாது, பெட்டியில் போட்டால் போகும். எந்தப் பையில் இருக்கிறது என்று விளக்க இரண்டு வரி ஆகும் என்பதால் தைலத்தையே விட்டுவிட்டேன். உப்பு நார்த்தங்காய் நின்றதற்குக் காரணம், அது வெயிலில் காய்ந்தது, கசியாது, பெட்டியில் போக எந்தத் தடையும் இல்லை. வெளியே வந்ததற்கு எடை ஒன்றுதான் காரணம்.

அடுத்தது தமிழுக்கே உரிய தொல்லை. நம் வாக்கியம் வினையில் முடியும். 'அம்மா டப்பாவைத் துணியால் சுற்றினாள், நூலால் கட்டினாள், பையில் போட்டாள்' என்று எழுதினால் வரிக்கு வரி 'ஆள், ஆள்' என்று தட்டுகிறது. அதைவிட முக்கியம், கண் அம்மாவின் மேல் நிற்கிறது, டப்பா பின்னால் போய்விடுகிறது. பெயரெச்சமாக மாற்றினால் இது தீர்ந்துவிடும்: 'துணி சுற்றி, நூல் கட்டி, பைக்குள் இட்ட நார்த்தங்காய் டப்பா'. இப்போது வரியின் கடைசியில் பொருள் நிற்கிறது, சுற்றிய கையும் காணாமல் போகவில்லை. இதையே எல்லா வரிக்கும் செய்தால் விடுகதை போல ஆகிவிடும். அதனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும், அந்த டப்பாவுக்கு.

அடைமொழிகளை உருவியது எளிது. 'கனத்த பெட்டி' என்று இருந்தது. 32 என்று எண் இருக்கும்போது 'கனத்த' எதற்கு? 'ஈரக் கண்ணாடி', 'மௌனமான வேன்' எல்லாம் ஒரே உட்காரலில் போயின.

பேச்சு கூடாது என்றாலும் எழுத்து வரலாமா என்று ஒரு கேள்வி வந்தது. வரலாம் என்றே தோன்றியது. பெட்டியின் மேல் தடித்த மார்க்கரில் எழுதும் பெயரும் நம்பரும் ஊரும் பின்கோடும் யாரும் யாரிடமும் சொல்வது இல்லை. அவை பெட்டியின் உறுப்பு, தாழ்ப்பாள் மாதிரி. அதை யார் எழுதினார்கள் என்பது மட்டும் சொன்னால் போதும்.

கடைசியாக முடிவு. வெளியே எடுத்த மூன்றில் கைலியும் அரிசியும் வீட்டில் தங்கிவிட்டன. நார்த்தங்காய் டப்பா மட்டும் அம்மாவின் ஒயர் கூடையில் வேன் ஏறுகிறது. விமான நிலையத்தில் இடம் கிடைத்தால் திணித்துவிடலாம் என்று. இந்த 'என்று' கவிதையில் இல்லை, கூடை மட்டும் இருக்கிறது. டிக்கெட் வைத்திருப்பவரைத்தான் உள்ளே விடுவார்கள், மற்றவர்களுக்கு வாசலோடு சரி. உள்ளே ஒரு மணி நேர வரிசைக்குப் பிறகு கவுண்டர் மெஷின் காட்டுவது 29.2. வீட்டு மெஷின் 800 கிராம் கூட்டிச் சொல்லியிருக்கிறது. 700 கிராம் டப்பா தாராளமாகப் போயிருக்கும். அதற்குள் வேன் தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடியைத் தாண்டிவிட்டது.

'800 கிராம் காலியிடம்' என்ற வரி வெகுநாள் இருந்தது. கழித்தல் கணக்கை வாசகருக்கு முதல் மூன்று வரியிலேயே பழக்கிவிட்ட பிறகு, கடைசிக் கணக்கையும் நாமே போட்டுக்கொடுப்பது அவரை நம்பாததாகும் என்று அதையும் அடித்தேன். இப்போது இருப்பது இது:

எடை

பெட்டியோடு ஏறிய அப்பா 89.
பெட்டி இல்லாத அப்பா 57.
பெட்டி 32.

கைலி ஒன்று வெளியே.
சீரகச் சம்பா ஒரு கிலோ வெளியே.
துணி சுற்றி, நூல் கட்டி, பைக்குள் இட்ட
நார்த்தங்காய் டப்பா வெளியே.

பெட்டி மூடியின் மேல் தங்கை கையெழுத்தில்
பெயர், பத்து இலக்கம்,
மன்னார்குடி 614001.

வேனில் ஒன்பது பேர்.
அம்மா மடியில் ஒயர் கூடை,
கூடையில் டப்பா.

கவுண்டரில்
சிவப்பு எண் 29.2.

துவாக்குடி தாண்டும் வேனில்
எட்டுப் பேர்,
மடியில் கூடை.